காலையும் மாலையும் ஒன்றாகத் தெரியும் கண்களுக்கு ஒரு மருந்து அட்டை

தமிழக-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் ஒரு மாத்திரை வாய்க்குப் போவதற்குள் மூன்று எழுத்துகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கோவையிலோ பொள்ளாச்சியிலோ டாக்டர் எழுதும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். சாப்பிட வேண்டிய பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். எடுத்துக் கொடுக்கும் ஹோம் நர்ஸோ பேரப்பிள்ளையோ மலையாளம் படித்தவர்கள். பஞ்சாயத்திலிருந்து வரும் பாலியேட்டிவ் நர்ஸும் அப்படித்தான். இந்த வீடுகளுக்குப் பெரிய எழுத்தில் மருந்து அட்டை செய்து கொடுத்துப் பழகியதில் எங்களுக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். மருந்தை மாற்றுவதும் நேரத்தை மாற்றுவதும் டாக்டரின் வேலை. அவர் சொன்னதை, மங்கலாகத் தெரியும் கண்ணுக்கும் புரிகிற மாதிரி சுவரில் வைப்பதுதான் நம் வேலை.

பெரும்பாலானவர்கள் முதலில் போடுவது பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி ஒரு கட்டம். இடது பக்கம் மருந்தின் பெயர்கள், மேலே காலை, மதியம், மாலை, இரவு, நடுவில் டிக். டாக்டரின் சீட்டும் அந்த அமைப்பில்தான் இருக்கும், அதனால் அப்படியே இறக்கிவிடுகிறார்கள். பார்வை நன்றாக இருப்பவருக்கு அதில் சிரமமில்லை. கண்புரையோ விழித்திரைத் தேய்மானமோ உள்ளவர் ஒரு டிக்கைப் பார்த்துவிட்டு, அது எந்த மருந்துக்கு உரியது என்று இடது ஓரம் வரை வரி பிசகாமல் போய் வர வேண்டும். கண் நடுவழியில் பக்கத்து வரிக்கு நழுவிவிடும். மூன்றாம் வரியின் டிக்கை நான்காம் வரியின் மருந்தோடு சேர்த்துப் படிப்பார்கள். தப்பாகப் படித்தோம் என்று அவர்களுக்கே தெரியாது என்பதால் இது வெளியிலும் வராது.

அதனால் குறுக்கு வரியே வேண்டாம். ஒரு நேரத்துக்கு ஒரு பத்தி. அந்த நேரத்தில் சாப்பிட வேண்டியவை மட்டும் அந்தப் பத்திக்குள் மேலிருந்து கீழாக இருக்கும். காலையும் இரவும் சாப்பிட வேண்டிய மாத்திரை இரண்டு பத்தியிலும் இரண்டு தடவை வரும், வரட்டும். கண் மேலிருந்து கீழே இறங்கினால் போதும்.

அடுத்தது சொற்கள். ஒரு தாளில் ‘காலை’, ‘மாலை’ என்று எழுதி, எழுத்து மங்கும் அளவுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். முதல் எழுத்தைத் தவிர இரண்டும் ஒன்றுதான், அந்த முதல் எழுத்திலும் துணைக்கால் பொது. ‘முன்’, ‘பின்’ இன்னும் மோசம். இரண்டும் ஒரே நீளம், ஒரே முடிவு. பார்வை மங்கியவர் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை, மொத்த உருவத்தை வைத்துத்தான் பிடிக்கிறார். உருவம் ஒத்துப்போகும் இரண்டு சொற்களை எதிரெதிர் பொருளில் ஒரே அட்டையில் வைக்கக் கூடாது. நாங்கள் வைப்பது ‘வெறும் வயிறு’, ‘காலை சாப்பிட்டு’, ‘மதியம் சாப்பிட்டு’, ‘ராத்திரி சாப்பிட்டு’. மாலை நேர மருந்து இருந்தால் ‘சாயங்காலம்’. நீளமே வேறு என்பதால் மங்கலிலும் குழம்பாது. சாப்பாட்டுக்கு முன் என்று டாக்டர் எழுதியிருந்தால் ‘சாப்பாட்டுக்கு அரை மணி இருக்க’ என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

ஒரு சீட்டை எடுத்து முழுக்கச் செய்து பார்ப்போம். தைராக்சின் 50 மைக்ரோகிராம், 1-0-0, வெறும் வயிற்றில். மெட்ஃபார்மின் 500, 1-0-1, சாப்பாட்டுக்குப் பின். அம்லோடிபின் 5, 1-0-0. ஆஸ்பிரின் 75, 0-1-0, சாப்பாட்டுக்குப் பின். கால்சியம் 500, 0-1-0, சாப்பாட்டோடு. அட்டோர்வாஸ்டாட்டின் 10, 0-0-1, படுக்கும்போது. இதோடு வாரம் ஒரு முறை வைட்டமின் டி 60,000 யூனிட். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் உள்ள எழுபது வயதுக்காரரின் சீட்டு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

எழுதியபடியே போட்டால் ஐந்து பத்தி வரும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, படுக்கும்போது ஒன்று எனக் கடைசி இரண்டிலும் ஒவ்வொரு மாத்திரைதான். அட்டை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: “படுக்கும்போது போடுகிற மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் உள்ளதோடு சேர்க்கலாமா?” அட்டோர்வாஸ்டாட்டின் நாளின் எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய மருந்து என்பதால் பெரும்பாலும் சரி என்பார். ஒரு பத்தி குறைந்தால் மற்ற எழுத்தெல்லாம் அந்த அளவுக்குப் பெரிதாகும். ஆனால் தைராக்சினை அப்படிச் சேர்க்க முடியாது. உணவோடு போனால் உடலில் சரியாகச் சேராது, காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போக வேண்டும். கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. கால்சியம் மதியப் பத்தியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இடம் காலியாக இருக்கிறதே என்று யாரும் அதைக் காலைப் பத்திக்கு நகர்த்திவிடக் கூடாது.

இப்போது நான்கு பத்தி. முதலில் தைராய்டு, மொத்தம் 1. இரண்டாவதில் சர்க்கரையும் பிரஷரும், மொத்தம் 2. மூன்றாவதில் இதயத்துக்கான ஆஸ்பிரினும் எலும்புக்கான கால்சியமும், மொத்தம் 2. நான்காவதில் சர்க்கரையும் கொழுப்பும், மொத்தம் 2. ஒவ்வொரு பத்தியின் அடியிலும் ‘மொத்தம் 2’ என்று கறுப்புப் பட்டையில் வெள்ளையாக எழுதுகிறோம். அட்டையிலேயே அதிகம் உபயோகப்படுவது இந்த வரிதான். பெயர் வாசிக்க முடியாத அன்றைக்குக் கூட, உள்ளங்கையில் இருப்பதை எண்ணி அட்டையோடு ஒப்பிட முடியும். அட்டையைச் செய்பவருக்கும் இதுவே சரிபார்ப்பு. சீட்டின் காலை எண்களைக் கூட்டினால் 3 வருகிறது, முதல் இரண்டு பத்திகளும் சேர்ந்து 3. மதியம் 2, ராத்திரி 2, நாள் முழுக்க 7. கூட்டல் இடித்தால் அச்சடிக்காதீர்கள்.

வைட்டமின் டி எந்தப் பத்திக்குள்ளும் வராது. வாரம் ஒன்று என்பதைத் தினப் பத்தியில் போட்டுப் பக்கத்தில் ‘ஞாயிறு மட்டும்’ என்று சின்னதாக எழுதினால், அந்தச் சின்ன எழுத்துதான் முதலில் கண்ணுக்குத் தப்பும். அப்புறம் தினமும் போகும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாதிரியான வாராந்திர மாத்திரையில் இந்தத் தவறு உயிரையே எடுத்துவிடும். அட்டையின் அடியில் தனிப் பட்டை, அதில் ஏழு கட்டம், ஞாயிறு கட்டத்தில் மட்டும் மாத்திரை, மற்ற ஆறிலும் வெறுமை. இதற்கான மாத்திரையைத் தினசரி டப்பாவோடு வைக்காமல் வேறொருவர் பொறுப்பில் வைப்பது நல்லது.

அளவுக்கு வருவோம். ஏ3 தாளைப் படுக்கை வாட்டில் வைத்தால் அகலம் 420 மி.மீ, உயரம் 297. சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டால் நான்கு பத்திக்கும் தலா 100 மி.மீ கிடைக்கிறது. உயரத்தில் மேலே 25 மி.மீ பெயருக்கும் தேதிக்கும், அடுத்த 70 நேரத்தின் படத்துக்கும் சொல்லுக்கும், நடுவில் 130 மருந்துகளுக்கு, 22 மொத்தத்துக்கு, மீதி 30 வாராந்திரப் பட்டைக்கு. நேரத்தின் பெயர் 48 புள்ளி, மருந்தின் பெயர் 36 புள்ளி, எழுத்துரு Noto Sans Tamil தடித்தது. புள்ளிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், எழுத்துருவுக்கு எழுத்துரு உயரம் மாறும். அச்சடித்த தாளில் ‘ச’ என்ற எழுத்தை ஸ்கேலால் அளந்தால் 7 மி.மீ-க்குக் குறையக் கூடாது. மிகத் தடித்த எழுத்துருவும் வேண்டாம். ‘ண’, ‘ஐ’ போன்ற எழுத்துகளின் சுழி அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். பத்திகளுக்கு நடுவே 2 மி.மீ கறுப்புக் கோடு.

இவ்வளவு பெரிய எழுத்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். வாசிப்புக் கண்ணாடி ஏறக்குறைய 33 முதல் 40 சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் தெளிவு தரும். சுவரில் உள்ள அட்டையை ஒரு மீட்டரில் நின்று பார்க்கிறார்கள். அந்தத் தூரம் வாசிப்புக் கண்ணாடிக்கும் எட்டாது, தூரக் கண்ணாடிக்கும் சரியாகப் பொருந்தாது. இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவருக்கு இன்னொரு சிக்கல். கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கான பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கும். கண் மட்டத்தில் தொங்கும் அட்டையை அந்தப் பகுதி வழியாகப் பார்க்க அண்ணாந்து கழுத்து வலிக்க நிற்பார்கள். ஆகவே அட்டையை நெஞ்சு மட்டத்துக்கு இறக்குங்கள். நடக்க முடியாதவருக்குக் கட்டிலில் உட்கார்ந்த நிலையின் நெஞ்சு மட்டம்.

நிறத்தில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, தலைப்பும் மொத்தமும் மட்டும் கறுப்பின் மேல் வெள்ளை. வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளிக்கும், நீல ஒளியை விழுங்கும். அதனால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், நீலமும் பச்சையும் பிரியாது, வெள்ளையில் போட்ட மஞ்சள் காணாமலே போகும். காலைக்கு மஞ்சள், ராத்திரிக்கு நீலம் என்று செய்யும் அட்டை செய்தவர் கண்ணுக்கு அழகாக இருக்கும். பாட்டிக்கு ஒரு பத்தி வெளிறியும் ஒரு பத்தி இருண்டும் தெரியும். வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை, இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் சென்றடைகிறது. அட்டைக்கு நேர் மேலே ஒரு எல்.இ.டி பல்பு போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு அவரை நிற்க வைத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பகல் பதினோரு மணிக்குச் செய்யும் சோதனை எல்லோருக்கும் பாஸாகிவிடும்.

லேமினேஷன் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கடைக்காரர் போடும் பளபளப்பு உறையில் ஜன்னலும் பல்பும் பிரதிபலிக்கும். கண்புரை உள்ளவருக்கு அந்தக் கூச்சமே எழுத்தை மறைத்துவிடும். அதைவிடப் பெரிய கெடுதல், லேமினேட் செய்த அட்டையை யாருக்கும் தூக்கிப் போட மனசு வராது. மருந்து மாறினால் மேலே ஸ்கெட்ச் பேனாவால் அடித்து எழுதுவார்கள், அது இரண்டு நாளில் அழியும். பளபளப்பில்லாத சாதாரணத் தாளில் அச்சடித்து, கெட்டி அட்டையில் நான்கு மூலையும் ஒட்டிவிடுங்கள். இங்க்ஜெட் அச்சு மழைக்கால ஈரத்தில் கசியும், லேசர் அச்சாகக் கேளுங்கள்.

அச்சுக் கடையில் இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. மலையாள வேலை செய்யும் டி.டி.பி கடைக் கணினியில் நம் தமிழ் எழுத்துரு இருக்காது. கோப்பை அப்படியே கொண்டுபோனால் எழுத்து கட்டம் கட்டமாக வரும், அல்லது ‘ரை’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பு தனியாகக் கழன்று நிற்கும். வீட்டிலேயே PDF ஆக்கி எடுத்துச் செல்லுங்கள். அச்சடிக்கும்போது Actual size அல்லது 100% என்று வைக்கச் சொல்லுங்கள். Fit என்று இருந்தால் எழுத்து சுருங்கிவிடும். ஏ4-இல் அடித்துவிட்டு ‘பரவாயில்லை, தெரிகிறது’ என்று கொடுப்பதையும் வாங்க வேண்டாம்.

படங்களில் தப்பு நடப்பது எங்கே என்றால், வரைபவருக்குப் புரிகிறதே என்று விட்டுவிடும் இடத்தில்தான். உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் படத்தில் ஒன்றேதான். உச்சி வெயிலும் பாதிச் சூரியனும் மங்கலில் வட்டமாகவே தெரியும். எனவே சூரியனை மதியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். வெறும் வயிற்றுக்குச் சேவலோடு தண்ணீர் டம்ளர், காலைக்கு இட்லித் தட்டு, ராத்திரிக்குப் பிறை. தட்டின் மேல் குறுக்குக் கோடு போட்டு ‘சாப்பிடும் முன்’ என்று காட்டுவது வேண்டவே வேண்டாம். அந்த மாத்திரை போட்டால் சோறு சாப்பிடக் கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வரிசையாகக் காட்டுங்கள்: சாப்பிட்ட பின் என்றால் தட்டு, அம்பு, மாத்திரை. வரைந்தபின் “புரியுதா பாட்டி?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரியுது என்றுதான் சொல்வார்கள். “இது என்ன பாட்டி? இதைப் பார்த்தா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். அதே கேள்வியை ஹோம் நர்ஸிடமும் தனியாகக் கேளுங்கள். இருவர் பதிலும் ஒன்றாக வராத படத்தை மாற்றிவிட வேண்டும்.

அளவைக் காட்ட மாத்திரையையே வரைகிறோம், 12 மி.மீ கறுப்பு வட்டம். அரை மாத்திரைக்கு அரை வட்டமும் ‘அரை’ என்ற சொல்லும். ‘1/2’ என்று எழுதினால் ஒன்று அல்லது இரண்டு என்று படிக்கலாம். மி.கி எண்களும் சுவர் அட்டையில் வராது. 500, 75, 5 என்று எண்கள் கூடினால் எண்ண வேண்டிய எண் எது என்றே தெரியாமல் போகும்.

அப்படியானால் மாத்திரையை எப்படி அடையாளம் காண்பது? மாத்திரையின் போட்டோவை ஒட்டுவது எளிதாகத் தோன்றும், ஆனால் எல்லைப் பக்கத்தில் அது நிற்காது. ஒரு மாதம் கோவையில் வாங்குவார்கள், அடுத்த மாதம் பாலக்காட்டில் நீதி ஸ்டோரில், அதற்கடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஒரே அம்லோடிபின் வெள்ளையாக, வேறு அளவில், வேறு அட்டையில் வரும். எங்களிடம் நிலைத்தது குறிப்படம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மூடி போட்ட டப்பா, டப்பாவின் மேல் ஒரு படம்: சர்க்கரைக்கு மீன், பிரஷருக்குக் குடை, தைராய்டுக்கு மரம், இதயத்துக்கு வீடு. அதே படம் அட்டையில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில். தமிழோ மலையாளமோ, யாரும் பெயர் சொல்லக்கூடிய படமாக இருக்க வேண்டும். வட்டம், முட்டை வடிவம் வேண்டாம், மாத்திரை என்றே நினைப்பார்கள். எண்ணும் வேண்டாம், ‘2’ என்று எழுதிய டப்பாவிலிருந்து இரண்டு எடுப்பார்கள்.

புது அட்டை மாத்திரை வீட்டுக்கு வந்தால் உருவத்தைப் பார்த்து டப்பாவில் போடக் கூடாது. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மூலப் பெயரையும் மி.கி-யையும், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துத்தான் போட வேண்டும். கம்பெனிப் பெயர் வேறு, மூலப் பெயர் ஒன்று என்றால் இரண்டும் ஒரே டப்பாவுக்குள் போகும். இதைச் செய்யாத வீட்டில்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் சுகாதார நிலையத்தில் கொடுத்ததுமாக ஒரே பிரஷர் மாத்திரை இரட்டிப்பாகப் போகும். எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு, விழுதல் என்று வந்தால் டாக்டரிடம் போகும்போது எல்லா டப்பாவையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டு போய்விடுகிறது. முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள்.

மூலப் பெயர், மி.கி, எந்த டாக்டர், எதற்காக, ஒவ்வாமை, வேண்டும்போது மட்டும் போடும் வலி மாத்திரை, இவையெல்லாம் தனி ஏ4 தாளில் சாதாரண எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, சுவர் அட்டையின் முதுகில் ஒட்டுகிறோம். இன்சுலின் இருந்தால் அதன் அளவும் அங்கேதான். ஹோம் நர்ஸுக்காக மலையாளத்தில் ஒரு வரியும் அந்தத் தாளில் சேர்க்கலாம். முன்பக்கம் இரண்டாவது மொழி ஏறினால் இரண்டுமே சிறுத்துவிடும்.

விரத நாள்தான் இந்த அட்டையின் பலவீனம். ஏகாதசி, சஷ்டி, மண்டல காலம் என்று ஒரு வேளை விடுபவர்கள் அட்டையில் உள்ள மாத்திரையை மட்டும் பக்தியோடு போட்டுவிடுவார்கள். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை பெரிதாக இறங்குவது குறைவு. கிளிமிப்பிரைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால் சாப்பிடாத வேளையில் வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரை போகும். அப்படிப்பட்ட மருந்து இருக்கும் பத்தியில் ‘சாப்பிடாவிட்டால் போடாதே, கூப்பிடு’ என்று எழுதி, யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர் எண்ணையும் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன வாசகத்தையே எழுதுங்கள்.

போட்டாயிற்றா இல்லையா என்பதை இந்த அட்டை சொல்லாது. அதற்கு ஒரு நாளுக்கு நான்கு அறை கொண்ட வார டப்பா வேண்டும், அறை மூடியில் இதே சேவல், இட்லித் தட்டு, சூரியன், பிறை. ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பி வைக்காதீர்கள், அட்டையிலிருந்து பிரித்த மாத்திரை ஈரம் இழுக்கும். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை அதன் சொந்தக் குப்பியிலேயே இருக்கட்டும். காலை எது ராத்திரி எது என்பதே தடுமாறும் மறதி நோய் வந்தவருக்கு இரண்டுமே போதாது. அங்கே அட்டை எடுத்துக் கொடுப்பவருக்கானது, டப்பாக்கள் அலமாரிக்குள் பூட்டில் இருக்க வேண்டும்.

அட்டையின் மேல் பட்டையில் அவர் பெயரும், ‘எந்தத் தேதி முதல்’ என்பதும் கட்டாயம். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும் அன்றே புது அட்டை மாட்டுங்கள். அச்சடிக்க மறுநாள் ஆகும் என்றால் சார்ட் தாளில் தடித்த கறுப்பு மார்க்கரால் நான்கு பத்தி எழுதிவிடலாம். பழையதைக் கழற்றி மடித்துப் பீரோவில் வைக்காமல் கிழித்துப் போடுங்கள், நிறுத்திய மருந்தின் டப்பாவையும் அன்றே காலி செய்து அதன் மேலுள்ள படத்தை உரித்துவிடுங்கள். அந்தப் படத்தை ஒரு வருஷத்துக்காவது வேறு மருந்துக்குக் கொடுக்க வேண்டாம். ‘குடை என்றால் பிரஷர்’ என்று மனசில் பதிந்தது அவ்வளவு சீக்கிரம் மாறாது.